பாதி விலைக்கு விழுந்த பங்கும், பேக்டெஸ்ட் காட்டும் பொய்க் கணக்கும்

ஒரு பெரிய கம்பெனியின் பங்கு அதன் உச்ச விலையிலிருந்து பாதிக்கு விழுந்தால் வாங்கு, இரண்டு வருடம் வைத்திரு, அப்புறம் விற்றுவிடு. பங்குச் சந்தைக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேருக்காவது இந்த யோசனை ஒருநாள் தோன்றியிருக்கும். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் பங்குகளைத் தொகுத்துச் சந்தையின் போக்கைக் காட்டும் எண்தான் இண்டெக்ஸ். இன்றைய இண்டெக்ஸில் உள்ள பங்குகளின் பட்டியலை எடுத்து, இருபது வருட விலைகளை இறக்கி, இந்த விதியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தால் முடிவு பிரமாதமாக வரும். பழைய விலைகளில் இப்படி ஓட்டிப் பார்ப்பதைத்தான் பேக்டெஸ்ட் என்கிறார்கள். அந்தப் பிரமாதமான முடிவில் எவ்வளவு நிஜம், எவ்வளவு நம் கைவேலை என்று இந்த ஒரு யோசனையை வைத்தே பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் கைவேலை. "பாதிக்கு விழுந்தால்" என்றோம். ஏன் பாதி? 40 சதவீதம் விழுந்தால் வாங்கக் கூடாதா, 60 வரை காத்திருந்தால் என்ன? எந்த உச்சத்திலிருந்து, ஒரு வருட உச்சமா, மூன்று வருட உச்சமா? இரண்டு வருடம் வைத்திருப்பதற்குப் பதில் ஆறு மாதம்? இன்னும் கீழே போனால் நஷ்டத்தை வெட்டிவிட்டு வெளியேற ஸ்டாப் லாஸ் வைப்பதா, வைத்தால் எத்தனை சதவீதத்தில்? இவை ஒவ்வொன்றும் திருகக்கூடிய ஒரு குமிழ். விழ வேண்டிய சதவீதத்துக்கு 5 மதிப்பு, உச்சம் பார்க்கும் காலத்துக்கு 4, வைத்திருக்கும் காலத்துக்கு 5, ஸ்டாப் லாஸுக்கு 4 என்று வைத்தாலே 400 விதிகள் ஆகிவிட்டன. கம்ப்யூட்டர் இதைச் சில நிமிடங்களில் ஓட்டி, மிக அதிக லாபம் தந்த வரிசையை மேலே கொண்டுவந்து வைக்கும். நாமும் அதைப் பார்த்து, "48 சதவீதம் விழுந்ததும் வாங்கி 14 மாதம் வைத்திருப்பதுதான் சரியான விதி" என்று முடிவு கட்டுவோம்.

இதில் என்ன தப்பு என்று பார்க்க, திறமையே இல்லாத விதிகளை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒவ்வொரு நாளும் காசு சுண்டிப் பார்த்து வாங்குவதும் விற்பதுமாக 100 விதிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிலும் சரக்கு கிடையாது, நீண்ட கால சராசரி லாபம் பூஜ்யம். ஒரு வருட லாபம் சுமார் 16 சதவீதம் மேலும் கீழும் ஆடும் என்றால், ஐந்து வருடச் சராசரி அதை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்கு, அதாவது சுமார் 7 சதவீதம் ஆடும். ஒரே ஒரு விதியை எடுத்துப் பார்த்தால் பூஜ்யத்தைச் சுற்றி எங்கோ இருக்கும். ஆனால் 100 விதியை ஓட்டி அதில் முதலாவதாக வந்ததை மட்டும் எடுத்தால், அது சராசரியைவிட ஏறக்குறைய இரண்டரை ஆட்டம், அதாவது அந்த 7 சதவீதத்தைப் போல இரண்டரை மடங்கு, மேலே நிற்கும். ஆண்டுக்குச் சுமார் 18 சதவீத லாபம், அதுவும் ஐந்து வருடச் சராசரியாக! உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு விதியிலிருந்து.

நம்பிக்கை வராதவர்கள் பைத்தானும் அதன் numpy நூலகமும் இருந்தால் ஓட்டிப் பார்க்கலாம்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
r = rng.normal(0, 0.01, (100, 2520))
a = r[:, :1260].mean(axis=1) * 252
b = r[:, 1260:].mean(axis=1) * 252
k = a.argmax()
print(a[k], b[k])
```

`r` என்பது 100 விதிகளின் பத்து வருட தினசரி லாப நஷ்டம், முழுக்கத் தற்செயலாக உருவாக்கியது. முதல் ஐந்து வருடத்தில் யார் முதலிடம் என்று பார்த்து, அதே விதி அடுத்த ஐந்து வருடத்தில் என்ன செய்தது என்று அச்சிடுகிறோம். `7` என்ற எண்ணை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முதலில் வரும் எண் எப்போதும் அழகாக 0.18-ஐ ஒட்டி வரும். இரண்டாவது எண் ஒருமுறை கூட்டல், ஒருமுறை கழித்தல் என்று பூஜ்யத்தைச் சுற்றி அலையும். இதில் தரகுக் கட்டணத்தையும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியையும் கழிக்கவில்லை. கழித்தால் அந்த இரண்டாவது எண் சராசரியாகப் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்.

ஓவர்ஃபிட்டிங் என்பது இதுதான். பழைய விலைகளில் இருந்த தற்செயலான மேடுபள்ளங்களுக்கு ஏற்றபடி விதியை வளைத்துவிட்டு, அதைச் சந்தையின் குணம் என்று நினைத்துக்கொள்வது. நம் 400 விதிகளும் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள்தான், 48 சதவீத விதியும் 50 சதவீத விதியும் பெரும்பாலும் ஒரே பங்குகளைத்தான் வாங்கும், அதனால் 400 தனித்தனி முயற்சி என்று எண்ண முடியாது, வீக்கம் கொஞ்சம் குறையும். ஆனால் கணக்கில் வராத முயற்சிகளும் உண்டு. போன வாரம் ஓட்டிப் பார்த்துக் கைவிட்ட யோசனை, "இது சரிவராது" என்று வரைபடத்தைப் பார்த்ததுமே ஒதுக்கியது, ஏற்கெனவே பலர் முயன்று தேறியது என்பதால் நம் காதுக்கு வந்த விதி, எல்லாமே முயற்சிகள்தான். யாரும் இதை எண்ணி வைத்துக்கொள்வதில்லை. பேக்டெஸ்ட் முடிவைக் காட்டும் ஒருவரிடம் நான் முதலில் கேட்க நினைப்பது "இதற்கு முன் எத்தனை விதியை ஓட்டிப் பார்த்தீர்கள்?" என்பதுதான், லாபம் எவ்வளவு என்பது அப்புறம்.

பாதி விலை யோசனையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு பங்கை வாங்கி விற்பது ஒரு டிரேடு. 40 டிரேடுகள் நடந்தன என்று பேக்டெஸ்ட் சொல்லும். 40 முறை சோதித்த விதி என்று நமக்குத் தெம்பு வரும். டிரேடு தேதிகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். பெரிய கம்பெனிகள் பாதி விலைக்கு வருவது தினமும் நடக்கும் விஷயமல்ல, கூட்டமாக நடக்கும். அமெரிக்கச் சந்தையை எடுத்தால் 2008 அக்டோபருக்கும் 2009 மார்ச்சுக்கும் இடையில் ஒரு குவியல், 2020 மார்ச்சில் இன்னொன்று. அமெரிக்காவின் சுமார் 500 பெரிய கம்பெனிகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் 2009 மார்ச் 9 அன்றும் 2020 மார்ச் 23 அன்றும் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பியது. நம் 40 டிரேடுகளில் பெரும்பகுதி இந்த இரண்டு திருப்பங்களுக்குள் வந்துவிட்டால், 40 சாட்சிகள் இருப்பதாகத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு சாட்சிகள்தான். "14 மாதம் வைத்திரு" என்ற நுணுக்கமான விடை அந்த இரண்டு மீட்சிகளின் வடிவத்திலிருந்து வந்தது, அடுத்த வீழ்ச்சி அதே வேகத்தில் மீள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஓவர்ஃபிட்டிங் நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி அக்கம்பக்கத்தைப் பார்ப்பது. 14 மாதம் 23 சதவீதம் தருகிறது என்று வைப்போம், சரி. 13 மாதமும் 15 மாதமும் என்ன தருகின்றன? அவையும் 20, 21 என்று இருந்தால் ஏதோ விஷயம் இருக்கலாம். 6-ம் 4-ம் என்று விழுந்தால், 14-க்குப் பின்னால் இருப்பது ஒன்றிரண்டு டிரேடுகளின் அதிர்ஷ்டம். அதேபோல மிக அதிக லாபம் தந்த இரண்டு டிரேடுகளை நீக்கிவிட்டு மறுபடி கூட்டிப் பார்க்கலாம். மொத்த லாபமும் அவற்றோடு போய்விட்டால், கையில் இருப்பது விதி இல்லை, இரண்டு கம்பெனிகளின் கதை.

பலரும் சொல்லும் மருந்து, தரவை இரண்டாகப் பிரிப்பது. பழைய பாதியில் குமிழ்களைத் திருகு, புதிய பாதியைத் தொடாமல் வைத்திரு, கடைசியில் ஒரே ஒருமுறை அதில் ஓட்டிப் பார். நல்ல மருந்துதான், அந்த "ஒரே ஒருமுறை" நடக்கிற வரைக்கும். புதிய பாதியில் முடிவு சரியில்லை என்றதும் விதியைக் கொஞ்சம் மாற்றி மறுபடி ஓட்டினால், அந்தப் பாதியும் திருகும் இடமாக மாறிவிட்டது. கவனமாகச் செய்யப்படும் கல்வித்துறை ஆய்வுகளிலேயே இந்தத் தேய்மானம் தெரிகிறது. மெக்லீன், பாண்டிஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், பங்கு லாபத்தை முன்கூட்டிச் சொல்வதாக ஆய்விதழ்களில் வந்த 97 குறியீடுகளை எடுத்து, மூல ஆய்வு பயன்படுத்திய காலத்துக்குப் பிறகு அவை என்ன ஆயின என்று பார்த்தார்கள். ஆய்வுக் காலத்துக்கு வெளியே லாபம் சராசரியாக 26 சதவீதம் குறைந்திருந்தது. கட்டுரையாக வெளிவந்த பிறகான காலத்தில் 58 சதவீதம் குறைந்திருந்தது. முதல் எண்ணில் தரவைத் துருவியதால் வந்த வீக்கம் இருக்கிறது, இரண்டாவதில் அதோடு, விஷயம் தெரிந்து எல்லாரும் அதையே செய்யத் தொடங்கியதன் விளைவும் சேர்ந்திருக்கிறது.

இப்போது நிஜமாகவே மோசமான பகுதிக்கு வருவோம். ஆரம்பத்தில் "இன்றைய இண்டெக்ஸில் உள்ள பங்குகளின் பட்டியலை எடுத்து" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதுதான் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் இன்றைய பட்டியலில் இருப்பவை இன்றுவரை தாக்குப்பிடித்த கம்பெனிகள். பாதி விலைக்கு விழுந்து, அதற்கப்புறம் மேலும் விழுந்து, இண்டெக்ஸிலிருந்து தூக்கப்பட்டு, கடைசியில் டிலிஸ்ட் ஆன, அதாவது பங்குச் சந்தையிலிருந்தே நீக்கப்பட்ட கம்பெனி எதுவும் அதில் கிடையாது. இதற்குப் பெயர் சர்வைவர்ஷிப் பயஸ். தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் கூப்பிட்டு வைத்துக் கணக்கு எடுப்பது.

அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியாக இருந்த லேமன் பிரதர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 தொடக்கத்தில் அதன் பங்கு 60 டாலருக்கு மேல். அந்த மார்ச்சில் 30 டாலர் அருகே வந்தது. நம் விதி அங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லும், பெரிய கம்பெனி, பாதி விலை. செப்டம்பர் 12 வெள்ளிக்கிழமை அது 3.65 டாலரில் முடிந்தது. திங்கட்கிழமை, செப்டம்பர் 15, திவால் மனு. இந்த டிரேடு ஒரு நேர்மையான பேக்டெஸ்டில் கிட்டத்தட்ட முழு நஷ்டமாகப் பதிவாக வேண்டும். இன்றைய பட்டியலை வைத்து ஓட்டினால் அது நடக்கவே நடக்காது. நஷ்டமாகக்கூடக் காட்டாது, அப்படி ஒரு கம்பெனி இருந்த சுவடே இருக்காது.

எதிர்த் திசையிலும் இதே கோளாறு நடக்கும். டெஸ்லா எஸ் அண்ட் பி 500-க்குள் வந்தது 2020 டிசம்பரில், அந்த ஒரே வருடத்தில் பல மடங்கு ஏறிய பிறகு. இன்றைய பட்டியலை 2015-க்குக் கொண்டுபோய் ஓட்டினால், அன்று இண்டெக்ஸில் இல்லாத டெஸ்லா நம் கையில் இருக்கும், அந்த ஏற்றம் முழுவதும் நம் லாபமாகிவிடும். நன்றாக ஏறியதால்தான் அது பட்டியலுக்கே வந்தது என்பதைப் பேக்டெஸ்ட் கண்டுகொள்ளாது.

ஒரு சின்னக் கணக்கு, எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. பத்து வருடத்துக்கு முன் 100 கம்பெனிகள் இருந்தன. அவற்றில் 40 ஏதோ ஒரு சமயம் பாதி விலைக்கு வந்தன. அந்த 40-இல் 28 மீண்டு, இரண்டு வருடத்தில் 50 சதவீத லாபம் தந்தன. 12 மீளவில்லை, 80 சதவீத நஷ்டம், பிறகு பட்டியலிலிருந்து மறைந்துவிட்டன. இன்றைய பட்டியல் காட்டுவது அந்த 28-ஐ மட்டும்: எல்லா டிரேடும் லாபம், சராசரி 50 சதவீதம். முழுப் பட்டியலில் 28 பேரின் 50-ஐக் கூட்டினால் 1400, அதிலிருந்து 12 பேரின் 80, அதாவது 960-ஐக் கழித்தால் 440, அதை 40-ஆல் வகுத்தால் 11. இரண்டு வருடத்துக்கு 11 சதவீதம். 50 எங்கே, 11 எங்கே! எந்தப் பங்கையும் வாங்கி வைத்திருக்கும் சாதாரண விதியிலும் இந்தக் கோளாறு உண்டுதான், ஆனால் விழுந்ததை வாங்கும் விதியில் அது பல மடங்கு பெரிதாகும், ஏனென்றால் சாகப் போகிற கம்பெனிகளை இந்த விதி தேடிப் பிடித்து வாங்குகிறது.

இனி இந்த இரண்டு கோளாறுகளும் கைகோக்கும் இடம். அந்த 28 தப்பியவர்களில் 8 பங்குகள், நாம் வாங்கிய பிறகு இன்னும் 25 சதவீதத்துக்கு மேல் இறங்கி, அப்புறம்தான் மேலே வந்தன என்று வையுங்கள். 25 சதவீத ஸ்டாப் லாஸ் வைத்திருந்தால் அந்த 8-ஐயும் நஷ்டத்தில் விற்றிருப்போம். 20 பேரின் 50, அதாவது 1000, அதில் 8 பேரின் 25, அதாவது 200 போனால் 800, அதை 28-ஆல் வகுத்தால் சுமார் 28.6. ஆக, தப்பியவர்கள் பட்டியலில் ஸ்டாப் லாஸ் லாபத்தை 50-இலிருந்து 28.6-க்கு இறக்கிவிடுகிறது. குமிழ்களைத் திருகும் நிரல் இதைப் பார்த்து என்ன சொல்லும்? "ஸ்டாப் லாஸை எடுத்துவிடு, அது லாபத்தைத் தின்கிறது." முழுப் பட்டியலிலோ அந்த 800-இலிருந்து மறைந்த 12 பேரின் 25, அதாவது 300 போக 500, அதை 40-ஆல் வகுத்தால் 12.5. ஸ்டாப் லாஸ் இல்லாத 11-ஐவிடக் கொஞ்சம் அதிகம், மிக மோசமான டிரேடின் நஷ்டமும் 80-இலிருந்து 25-க்கு வந்துவிட்டது. (நிஜத்தில் ஸ்டாப் லாஸ் இவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது. லேமன் 3.65-இல் முடிந்த வெள்ளிக்கிழமை மூன்று டாலரில் ஸ்டாப் வைத்திருந்தவருக்குத் திங்கட்கிழமை காலையில் மூன்று டாலர் கிடைத்திருக்காது.)

கவனியுங்கள், இங்கே திருகல் தற்செயலான ஒரு பக்கம் போகவில்லை. தப்பியவர்கள் மட்டும் உள்ள பட்டியலில் பெரும்பாலான வீழ்ச்சிகள் கடைசியில் மீண்டுவிடும். அதனால் நிரல் பெரும்பாலும் ஒரே திசையில்தான் நம்மைத் தள்ளும்: இன்னும் ஆழமாக விழட்டும், இன்னும் நீண்ட நாள் வைத்திரு, பாதுகாப்பை எடு, விழ விழ இன்னும் வாங்கு. இருப்பதிலேயே ஆபத்தான விதிதான் இருப்பதிலேயே அழகான பேக்டெஸ்டைத் தரும்.

தரவை இரண்டாகப் பிரிக்கும் மருந்தும் இதற்கு உதவாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பழைய பாதியில் திருகினாலும், புதிய பாதியில் சோதித்தாலும், இரண்டிலும் இருப்பது அதே தப்பியவர்கள் பட்டியல்தான். விதி இரண்டாவது பாதியிலும் ஜோராகத் தேறும். பார்க்கிறவர் "தொடாத தரவிலும் வேலை செய்கிறது" என்று நம்பிப் பணத்தைப் போடுவார். அக்கம்பக்கம் பார்க்கும் சோதனையும் தேறிவிடும், ஏனென்றால் 45, 50, 55 சதவீதம் எல்லாமே தப்பியவர்களிடம் நன்றாகத்தான் இருக்கும். ஓவர்ஃபிட்டிங்குக்கு வைத்த வலையில் இந்த மீன் சிக்காது.

தரவிடமே கேட்க வேண்டியதுதான். இருபது வருட பேக்டெஸ்டில் பயன்படுத்திய பங்குகளில் எத்தனை பாதியில் வர்த்தகம் நின்று போனவை என்று எண்ணுங்கள். விடை பூஜ்யம் என்றால் பட்டியல் பழுது, மேலே எதையும் பார்க்க வேண்டாம். சரியான தரவில் இரண்டு விஷயங்கள் இருக்கும். ஒன்று, ஒவ்வொரு தேதியிலும் அன்று இண்டெக்ஸில் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியல். இரண்டு, டிலிஸ்ட் ஆன பங்குகளின் விலை வரலாறு, கடைசியில் பங்குதாரருக்கு என்ன கிடைத்தது என்பது உட்பட. எல்லா டிலிஸ்டும் சாவு இல்லை, நல்ல விலைக்கு இன்னொரு கம்பெனி வாங்கியதால் மறைந்தவையும் ஏராளம், அதனால் மறைந்தவை எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடுவதும் தப்புதான். இலவசமாகக் கிடைக்கும் தரவில் இந்த இரண்டும் பெரும்பாலும் இருக்காது, நல்ல தரவுக்குக் காசு கேட்பார்கள். இண்டெக்ஸையே வாங்கும் விதியாக இருந்தால், இண்டெக்ஸின் பழைய மதிப்பில் அன்றைக்கு இருந்த கம்பெனிகள் ஏற்கெனவே அடங்கியிருப்பதால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும், ஓவர்ஃபிட்டிங் மட்டும் அப்படியே இருக்கும்.

நல்ல தரவு கையில் இல்லாதவர்கள் செய்யக்கூடிய ஒரு கணக்கு உண்டு. பட்டியலில் எத்தனை கம்பெனி காணாமல் போயிருந்தால் இந்த விதி தோற்கும் என்று தலைகீழாகக் கேட்பது. நம் உதாரணத்தில் 28 டிரேடுகளின் மொத்தம் 1400, காணாமல் போனது ஒவ்வொன்றும் 80 தின்னும் என்றால், லாபம் முழுவதும் போக 18 கம்பெனி வேண்டும். அவ்வளவு இருக்காது என்று தோன்றலாம். ஆனால் ஒப்பிட வேண்டியது பூஜ்யத்தோடு இல்லை, சும்மா இண்டெக்ஸை வாங்கி வைத்திருந்தால் கிடைத்திருக்கும் லாபத்தோடு. அது அந்த இரண்டு வருடத்துக்கு 20 சதவீதம் என்று வைத்தால், காணாமல் போனவை 9 ஆனாலே நம் விதி இண்டெக்ஸுக்குக் கீழே போய்விடும். விழுந்த 37 பெரிய கம்பெனிகளில் 9 மீளாமல் போயிருக்குமா, மாட்டாதா என்பதற்கு இறக்கி வைத்த தரவில் விடை இல்லை. அந்தக் காலத்து இண்டெக்ஸ் பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்து, இன்று இல்லாத பெயர்களை ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.